ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும்

ரந்தாவ் தோட்டத்துப் பையனுக்கு வரன் குறிப்பு எழுதிய கதை

அந்த அக்கா கைப்பேசியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வாட்ஸ்அப்பில் ஒரு வரன் குறிப்பு.

"மணமகள் தேவை. நல்ல குடும்பத்தைச் சேர்ந்த, எளிமையான, பக்தியுள்ள, கெட்ட பழக்கம் எதுவும் இல்லாத மணமகன். பெரிய கம்பெனியில் எஞ்சினியர். கைநிறையச் சம்பளம். சொந்த வீடு, கார் உண்டு. குடும்பப் பாங்கான பெண் வேண்டும்."

தரகர் எழுதிக் கொடுத்தது. ஆறு மாதமாகச் சுற்றுகிறது. பதினான்கு வீட்டார் அழைத்தார்கள். இரண்டாவது முறை பேசும்போதே பதினான்கு பேரும் நழுவிவிட்டார்கள். "எங்க தப்பு பண்ணோம்னே தெரியலை தம்பி. பிள்ளை நல்ல பிள்ளைதான்" என்றார். பிள்ளை நல்ல பிள்ளை என்பது எனக்கும் தெரியும். சிக்கல் பிள்ளையிடம் இல்லை, குறிப்பில் இருக்கிறது. அதில் உள்ள எந்த வரியையும் எடுத்து மலேசியாவில் வேறு எந்தப் பையனின் பெயருக்கு முன்னால் வைத்தாலும் பொருந்தும். எஞ்சினியர் என்ற ஒரு சொல் மட்டும்தான் இவனுக்கென்று எழுதியது. அதுவும் உண்மையில்லை.

அக்கா ரந்தாவ் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் இருபது ஆண்டுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். அவர் வீட்டுக்காரர் செம்பனைக் குலை வெட்டினார், பிறகு மண்டோர் ஆனார். அவர்கள் திருமணத்துக்கு யாரும் குறிப்பு எழுதவில்லை. பெண் வீட்டிலிருந்து ஒரு மாமா சைக்கிளில் வந்து, முதலில் கள்ளுக்கடைப் பக்கம் நின்று விசாரித்தாராம். அடுத்து ஆயாக்கொட்டகைக்குப் போனார். பிறகு கோயில் பூசாரியைப் பார்த்தார். விடிகாலைப் பெரட்டுக்கு எத்தனை நாள் நின்றான், யாரிடம் கடன் வாங்கினான், தங்கச்சிக்கு என்ன செய்தான் என்பதெல்லாம் லயத்தில் பத்து வீடு தாண்டாமல் கிடைத்துவிடும். மாப்பிள்ளை வீட்டுக்காரர் வாயே திறக்க வேண்டியதில்லை, தோட்டமே பேசும்.

இன்று அந்தத் தோட்டம் கலைந்துவிட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நம்மவர்கள் வெட்டிய குலையை இப்போது வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வெட்டுகிறார்கள். சென்டாயான் பக்கம் தோட்ட நிலத்தில் பண்டார் ஸ்ரீ சென்டாயான் எழுந்து நிற்கிறது. பிள்ளைகள் சிரம்பான், செனவாங், நீலாய் என்று தாமான் வீடுகளில் சிதறிவிட்டார்கள். அடுத்த வீட்டுக்காரருக்கு இவன் கார் எண் தெரியும், பெயர் தெரியாது. முன்பு லயம் வாயால் சொன்னதை இன்று அரைப் பக்க எழுத்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே என் கணக்கு எளிது. ஒவ்வொரு வரியும் பெண் வீட்டார் ஒரு போன் போட்டோ, ஒரு தாளைக் கேட்டோ சரிபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். சரிபார்க்க முடியாத வரி பெருமை, அல்லது மூடி மறைப்பு. பெரும்பாலும் இரண்டும்தான்.

பையனை உட்கார வைத்துக் கேட்டேன்.

எஞ்சினியரும் கைநிறையச் சம்பளமும்

"என்ன வேலைப்பா?"

"டெக்னீசியன் மாமா. செனவாங்ல. மெஷின் நின்னா போய்ப் பார்க்கணும்."

எஸ்.பி.எம். முடித்து, அரசாங்கத் தொழிற்பயிற்சிக் கழகத்தில் படித்து, எஸ்.கே.எம். மூன்றாம் நிலைச் சான்றிதழ் வாங்கியவன். ஒன்பது ஆண்டாக ஒரே தொழிற்சாலை. அதை எஞ்சினியர் ஆக்கியது தரகர். அழைத்த பதினான்கு பேரில் பாதிப் பேர் முதல் கேள்வியாக "எந்த யுனிவர்சிட்டி?" என்று கேட்டிருக்கிறார்கள். இவன் உண்மையைச் சொல்லியிருக்கிறான். அத்தோடு முடிந்தது. டெக்னீசியனை வேண்டாம் என்று அவர்கள் போகவில்லை. முதல் வரியிலேயே பொய் சொன்ன வீடு இன்னும் என்னென்ன மறைத்திருக்குமோ என்றுதான் போனார்கள்.

அடுத்தது சம்பளம். "மூவாயிரத்து ஐந்நூறு" என்று அக்கா சொன்னார். சம்பளச் சீட்டில் அடிப்படை 2,600 ரிங்கிட்தான். மீதி ஓ.டி. அவர் சொன்னது பொய்யில்லை, சில மாதங்களில் அவ்வளவு வருகிறது. ஆனால் அது எப்படி வருகிறது என்று பெண் வீட்டுக்குத் தெரிய வேண்டும். 2,600-ஐ 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 100. எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 12 ரிங்கிட் 50 சென். சாதாரண நாள் ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு, 18 ரிங்கிட் 75 சென். மாதம் 50 மணி நேரம் கூடுதலாக நின்றால் 937 ரிங்கிட் 50 சென். கழிவுக்கு முன் 3,500-ஐத் தொடுவது இப்படித்தான். ஐம்பது மணி நேரம் என்றால் மாதத்தில் ஏறக்குறைய ஆறு முழு வேலைநாள் கூடுதல். கம்பெனிக்கு ஆர்டர் குறைந்த மாதத்தில் அதுவும் கிடையாது. சட்டப்படி மாதத்துக்கு 104 மணி நேரத்துக்கு மேல் ஓ.டி. போகவும் கூடாது. ஆகையால் "என் பையன் ஐயாயிரம் எடுக்கிறான்" என்று டெக்னீசியனின் தாயார் சொன்னால், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று தயங்காமல் கேளுங்கள்.

கேட்கக் கூச்சமாக இருந்தால் இ.பி.எப். அறிக்கையைக் கேட்கலாம். அதுதான் என் அனுபவத்தில் மிக நேர்மையான தாள். ஓ.டி. பணத்துக்கு இ.பி.எப். பிடிப்பதில்லை என்பதால் அடிப்படை வருமானம் மட்டும் அதில் தெளிவாகத் தெரியும். 2,600-க்குத் தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, 286 ரிங்கிட். முதலாளி பங்கு 13 விழுக்காடு, 338 ரிங்கிட். மாதா மாதம் 624 ரிங்கிட் விழுந்திருந்தால் பையன் சொன்னது சரி. இடையில் சில மாதம் காலியாக இருந்தால் அந்த மாதங்களில் வேலை இல்லை என்று பொருள், அல்லது முதலாளி கட்டவில்லை. இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இவனுக்கு ஒன்பது ஆண்டில் ஒரு மாதமும் விடுபடவில்லை. "பொறுப்பானவர்" என்று எழுதுவதைவிட இதை எழுதலாம்.

சொந்த வீடும் கார் கதையும் ஒரே கதைதான். வீடு அம்மா பெயரில் இருக்கிறது, தவணையைப் பையன் கட்டுகிறான். மாதம் 780. கார் மைவி, ஒன்பது ஆண்டுத் தவணையில் இன்னும் நான்கு ஆண்டு பாக்கி, மாதம் 560. இ.பி.எப்., சொக்சோ பிடித்த பிறகு கையில் வருவது 2,300-க்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு தவணையும் போனால் ஓ.டி. இல்லாத மாதத்தில் 950 அளவில் மிஞ்சும். இந்தக் கணக்கைப் பார்த்து அக்கா முகம் சுருங்கியது. "இதைப் போட்டா யாரு தம்பி பொண்ணு கொடுப்பா?" என்றார். கல்யாணமாகி மூன்றாம் மாதம் இது தெரியவந்தால் அந்தப் பெண் என்ன நினைப்பாள் என்று திருப்பிக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பையன்தான் "போடுங்க மாமா" என்றான்.

எட்டு மணி எந்த எட்டு மணி?

சாதகத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனாலும் பத்தில் எட்டு வீடு அதைத்தான் முதலில் கேட்கிறது. கொடுப்பதாக இருந்தால் சரியாகக் கொடுக்க வேண்டும். இங்கே பெரும்பாலும் தவறு நடப்பது பொய்யால் அல்ல, கடிகாரத்தால்.

பையன் பிறந்தது 1994 மார்ச் 25, சிரம்பான் பெரிய மருத்துவமனையில், காலை 8.00 மணிக்கு. பிறப்புப் பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது. அக்கா தமிழ்நாட்டு உறவினர் ஒருவர் மூலம் அங்கே சாதகம் எழுதி வாங்கியிருக்கிறார். அதில் மேஷ லக்னம் என்றிருந்தது. எனக்குச் சந்தேகம் வந்தது. பங்குனி மாதம், சூரியன் மீனத்தில். மார்ச் கடைசியில் நம் ஊரில் சூரியன் உதிப்பதே ஏழே கால் மணி சுமாருக்கு. எட்டு மணிக்குப் பிறந்த பிள்ளைக்குச் சூரியன் உதித்து முக்கால் மணி நேரம்தான் ஆகியிருக்கும், லக்னம் இன்னும் மீனத்திலேயே நிற்க வேண்டும். எழுதியவர் மலேசிய எட்டு மணியை இந்திய எட்டு மணியாக எடுத்துக்கொண்டிருக்கிறார். நம் எட்டு மணி அங்கே விடிகாலை ஐந்தரை. சென்னையில் அந்த நாட்களில் ஆறு மணி பத்து நிமிடம் வாக்கிலேயே சூரியன் வந்துவிடும், எட்டு மணிக்கு லக்னம் மேஷத்துக்குத் தாவியிருக்கும். லக்னம் மாறினால் வீடுகள் எல்லாம் மாறும். செவ்வாய் தோஷம் இல்லாதவனுக்கு வரும், இருப்பவனுக்குப் போகும். ஆறு மாதமாக வேறொருவன் சாதகத்தை வைத்துக்கொண்டுதான் இவர்கள் பொருத்தம் பார்த்திருக்கிறார்கள்.

நட்சத்திரத்துக்கு இந்த ஆபத்து கொஞ்சம் குறைவு. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். இரண்டரை மணி நேரப் பிழையில் பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் நட்சத்திரமே மாறும், மற்றவர்களுக்குப் பாதம் மாறலாம்.

வயதில் மூத்தவர்கள், குறிப்பாக மறுமணத்துக்குப் பார்ப்பவர்கள், இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில் இன்றைய நேரம் 1982 ஜனவரி 1 முதல் நடப்பில் இருப்பது. அன்று கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அதற்கு முன் பிறந்தவர்களுக்குக் கிரீன்விச்சிலிருந்து ஏழரை மணி நேரம், பின் பிறந்தவர்களுக்கு எட்டு மணி நேரம். 1981-இல் பிறந்தவருக்கு எட்டு என்று போட்டுக் கணித்தால் அரை மணிப் பிழை. லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்தவர்களுக்கு நேரமே "பெரட்டு மணி அடிச்ச பிறகு" என்ற அளவில்தான் இருக்கும். அவர்கள் "நேரம் தோராயம்" என்று எழுதிவிடுவது நல்லது. மூலம், ஆயில்யம் என்று பயந்து நட்சத்திரத்தைத் திருத்தும் வீடுகள் உண்டு. பெண்ணின் பிறப்புப் பத்திரத்தில் நேரம் அச்சிட்டிருக்கிறது, யார் வேண்டுமானாலும் மறுபடி கணிக்கலாம் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

வயதைக் குறைப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். ஐ.சி. எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு இலக்கம் பிறந்த மாநிலம், நெகிரி செம்பிலானுக்கு 05. யாரையும் ஏமாற்ற முடியாது.

நீலமா, சிவப்பா

ஐ.சி. என்றதும் யாரும் குறிப்பில் எழுதாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடையாள அட்டையின் நிறம். தோட்டத்தில் வீட்டிலேயே பிறந்து, பதிவு விட்டுப்போய், அல்லது பெற்றோரின் தாள் சரியில்லாமல் சிவப்பு ஐ.சி.யோடும், அதுகூட இல்லாமலும் இருப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இது அவர்கள் குற்றமில்லை, மறைக்க வேண்டிய அவமானமுமில்லை. ஆனால் திருமணத்துக்கு முன் சொல்லியே ஆக வேண்டிய செய்தி, ஏனென்றால் பாதிப்பு பிள்ளைக்குப் போகும். தாய் குடியுரிமை இல்லாதவராக இருந்து, திருமணமும் பதிவாகாமல் இருந்தால், தகப்பன் நீல ஐ.சி. வைத்திருந்தாலும் சட்டம் பிள்ளையைத் தாயின் பக்கம்தான் சேர்க்கும்.

கோயிலில் தாலி கட்டினால் போதும் என்று இன்றும் நினைப்பவர்கள் இருப்பதால் சொல்கிறேன். 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1-இல் நடப்புக்கு வந்தது. அதிலிருந்து பதிவாகாத கட்டு சட்டப்படி திருமணமில்லை. பதிவுக்கு முன் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது 21 நாள் பொதுவில் நிற்கும், ஆட்சேபம் உள்ளவர் சொல்லலாம். நடப்பில் வேறு திருமணம் இல்லை என்று உறுதிமொழியும் தர வேண்டும். ஆகவே "பிரிந்து வாழ்கிறார்" என்பதும் "மணவிலக்குப் பெற்றவர்" என்பதும் ஒன்றல்ல. நீதிமன்றத் தீர்ப்பு இறுதியாகவில்லை என்றால் பிரிந்து வாழ்பவர் இன்னொருவரை மணக்க முடியாது. குறிப்பில் எது என்று தெளிவாக எழுத வேண்டும். நம் வழக்கத்தை இந்தச் சட்டம் ஓர் இடத்தில் மதித்திருக்கிறது. நெருங்கிய உறவுகளைத் தடுக்கும் பிரிவில், இந்துக்கள் வழக்கப்படி தாய்மாமன் அக்காள் மகளை மணப்பதற்கு விலக்கு இருக்கிறது.

நம் பையனுக்கு நீல ஐ.சி., முதல் திருமணம். ஒரு வரியில் முடிந்தது.

பூர்வீகத்தில் கொஞ்சம் நின்றோம். "சேலம் பக்கம்" என்பதற்கு மேல் அக்காவுக்குத் தெரியாது. பாட்டன் கப்பலில் வந்தவர், ஊர்ப்பெயர் அவரோடு போய்விட்டது. தரகர் அங்கே ஒரு ஊரைத் தானே எழுதி வைத்திருந்தார். அதை அடித்துவிட்டேன். சாதியை எழுதுவதா என்று கேட்டார்கள். பார்ப்பீர்களா என்றேன். "நாங்க பார்க்கலை, அவன் அத்தைதான்..." என்று இழுத்தார் அக்கா. அத்தையோடு பேசி முடித்துவிட்டு வாருங்கள், அதுவரை அந்த வரியை எழுத முடியாது என்றேன். "சாதி தடையில்லை" என்று எழுதிவிட்டு இரண்டாம் அழைப்பில் குலம் கேட்கிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதைவிட, பார்ப்போம் என்று எழுதுகிறவர்கள் எவ்வளவோ மேல், எனக்குப் பிடிக்காவிட்டாலும். அத்தை நான்கு நாள் எடுத்துக்கொண்டார்.

கடைசியில் குணம். எளிமை, பணிவு, பாசம், பக்தி என்று தன்னைத் தானே எழுதிக்கொள்வது எல்லாமே தற்பெருமைதான். "நான் எளிமையானவன்" என்பதில் உள்ள பெருமையை எழுதுகிறவர் மட்டும் பார்ப்பதில்லை. அதற்குப் பதில் வாரத்தில் என்ன செய்கிறாய் என்று கேட்டேன். அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுது. திங்கள், புதன், வெள்ளி இரத்தச் சுத்திகரிப்பு, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். பகல் வேலை இருந்தால் பையனின் அக்காள் கணவர் கூட்டிப்போவார், இல்லாவிட்டால் இவன். "பெற்றோரை மதிப்பவர்" என்ற வரியைவிட இது பெண்ணுக்குப் பயன்படும், ஏனென்றால் அவள் வருவது இந்த வீட்டுக்குத்தான். அவளிடம் அந்த வேலையை எதிர்பார்க்கிறீர்களா என்பதையும் எழுத வேண்டும். அவன் கொஞ்ச நேரம் யோசித்து, "இல்லை" என்றான். அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தார்.

குடி பற்றியும் கேட்டேன். நண்பர் கல்யாணத்தில் இரண்டு பீர். "கெட்ட பழக்கம் எதுவும் இல்லாத" என்பது அதோடு போனது.

எழுதி முடித்தது இதுதான்:

"1994 மார்ச் 25, காலை 8.00 மணிக்குச் சிரம்பானில் பிறந்தேன். நேரம் பிறப்புப் பத்திரத்தில் உள்ளது. நீல ஐ.சி., முதல் திருமணம். ரந்தாவ் வட்டாரத் தோட்டத்தில் வளர்ந்தேன், தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தேன். எஸ்.பி.எம்., எஸ்.கே.எம். நிலை 3. செனவாங்கில் ஒன்பது ஆண்டாக டெக்னீசியன், மாறும் ஷிப்டு, மாதத்தில் இரண்டு வாரம் இரவு வேலை. அடிப்படைச் சம்பளம் 2,600. ஓ.டி. சில மாதம் 900 வரை, சில மாதம் இல்லை. வீடு அம்மா பெயரில். வீட்டுக்கும் காருக்கும் மாதம் 1,340 கட்டுகிறேன், வேறு கடன் இல்லை. அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. அதை நானும் அக்காள் கணவரும் பார்த்துக்கொள்கிறோம், மனைவியிடம் எதிர்பார்க்கவில்லை. அப்பா அம்மாவோடுதான் இருப்பேன். விசேஷங்களில் பீர் குடிப்பேன், சிகரெட் இல்லை. பூர்வீகம் சேலம் பக்கம், ஊர் தெரியாது. சாதி பார்க்கவில்லை, அத்தை உட்பட. பெண் வேலைக்குப் போவதும் போகாததும் அவர் விருப்பம். எங்களைப் பற்றி விசாரிக்க எங்கள் பழைய தோட்டத்துக் கோயில் தலைவரை அழைக்கலாம், அவர் சம்மதித்திருக்கிறார்."

"அத்தை உட்பட" என்பது வேண்டாம் என்று அக்கா சொன்னார். பையன் விடவில்லை. பீரை எடுத்துவிடச் சொல்லி இரண்டு முறை கேட்டார், அதுவும் நின்றது. கோயில் தலைவர் எண்ணைக் குறிப்பில் போடாமல், அழைப்பவர்களுக்கு மட்டும் கொடுப்பது என்று முடிவானது. ஐ.சி. எண்ணும் வீட்டு முகவரியும் அப்படியே. வாட்ஸ்அப்பில் போனது யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

தரகருக்குக் குறிப்பு பிடிக்கவில்லை. "இது வரன் மாதிரி இல்லை சார், லோன் பாரம் மாதிரி இருக்கு" என்றார். பதினான்கு வீடு அழைத்த இடத்தில் இந்த முறை மூன்று வீடுதான் அழைத்தது. ஒரு வீட்டார் இரவு வேலை ஒத்துவராது என்று முதல் அழைப்பிலேயே நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். ஒரு வீட்டார் இன்னும் சாதகம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், மீன லக்னத்துக்கு. பகாவிலிருந்து அழைத்த பெண்ணின் அப்பா, அவரும் பழைய தோட்டத்துக்காரர், முதலில் கோயில் தலைவரிடம் அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் அக்காவுக்குப் போன் போட்டார். இ.பி.எப். அறிக்கை கேட்டார். அனுப்பிவிட்டு, பெண்ணுடைய அறிக்கையும் கிடைக்குமா என்று கேட்டோம். மறுநாள் காலையில் வந்தது.